நியர் மிஸ் கார்டு 640 கிடக்கிறது: இடம், வகை, எத்தனை தடவை என்று கமிட்டிக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

ஓசூர்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் பக்கம் அலுமினியம் பிரஷர் டைகாஸ்டிங் கம்பெனி ஒன்றில் சேஃப்டியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று ஷிப்ட், சுமார் 380 பேர். ஷாப்பில் ஐந்து இடத்தில் நியர் மிஸ் பெட்டி மாட்டியிருக்கிறோம். போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரைக்கும் 640 கார்டு விழுந்திருக்கிறது. தமிழில் பாதி, ஆங்கில எழுத்தில் தமிழ் கொஞ்சம், இந்தி கொஞ்சம், கன்னடம் பத்துப் பதினைந்து. எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி முடிக்கவே மூன்று வாரம் போய்விட்டது.

அடுத்த மாதம் சேஃப்டி கமிட்டி கூடுகிறது. எந்த இடத்தில், என்ன மாதிரி, எவ்வளவு அடிக்கடி என்று ஒரு பக்கத்தில் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். பிவட் போட்டுப் பார்த்தேன். வந்தது இதுதான்:

இடத்தில் முதலில் நிற்பது மெயின்டெனன்ஸ், 118 கார்டு. காரணத்தில் நூற்றுக்கு எழுபது "கவனக்குறைவு". மாதத்தில் மார்ச், 131 கார்டு. கிழமையில் சனி.

இதை அப்படியே கமிட்டியில் வைத்தால் சிரிப்பார்கள் என்று தெரிகிறது. ஆனால் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

---

புதுவை_ராஜன்

தம்பி, இதை ஏன் கமிட்டி வரைக்கும் இழுக்கிறீர்கள்? விபத்து நடந்தால் உரிய படிவத்தில் இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போட வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால் அறிவிப்பு கட்டாயம். 640 கார்டையும் அறிவிக்காமல் வைத்திருந்தால் நாளைக்கு உங்கள் தலையில்தான் விழும்.

---

ஓசூர்_தம்பி

சார், இது விபத்து இல்லை. யாருக்கும் அடிபடவில்லை. "மயிரிழையில் தப்பித்தேன்" என்று ஆட்களே எழுதிப் போட்ட கார்டுகள்.

---

ரிட்டயர்டு_சேஃப்டி

ராஜன் சார் கேள்வியை மாற்றிப் படித்துவிட்டார், ஆனால் அவர் சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடலாம். அடிபடாத சம்பவங்களிலும் சிலது அறிவிக்க வேண்டியவை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 88ஏ பிரிவு அதற்காகவே வைத்தது. புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தக் கருத்து தொடர்கிறது. பிரஷர் வெசல் வெடிப்பது, கிரேன் முறிந்து விழுவது போன்றவை யார் மேலும் படாவிட்டாலும் "ஆபத்தான நிகழ்வு"தான். ஆக, தம்பி, 640 கார்டையும் ஒரு தடவை கண்ணால் படியுங்கள். அப்படி ஏதாவது அகப்பட்டால் அது பட்டியலுக்குப் போகக் கூடாது, நேராக மேனேஜர் மேஜைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் பிவட். நாலு வரியும் தப்பு. நாலும் வேறு வேறு விதத்தில் தப்பு.

மெயின்டெனன்ஸ் ஏன் முதலில் வந்தது? கார்டில் "துறை" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதியவர் தன் துறையைப் போட்டிருப்பார், சம்பவம் நடந்த இடத்தை அல்ல. ஃபிட்டர்கள் ஷாப் முழுக்கச் சுற்றுகிறவர்கள். பல் சக்கரம் மாட்ட டிரிம் பிரஸ்ஸுக்குப் போய், அங்கே பார்த்ததை எழுதி, துறை மெயின்டெனன்ஸ் என்று போட்டிருப்பார்கள். உங்கள் பிவட் காட்டுவது யார் நிறைய எழுதுகிறார்கள் என்பதை.

சனிக்கிழமை ஏன்? பெட்டியை எந்தக் கிழமை திறக்கிறீர்கள்?

---

ஓசூர்_தம்பி

சனிக்கிழமை காலையில் சார். 😐 கார்டில் எழுதிய தேதியை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த தேதியைத்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

---

ரிட்டயர்டு_சேஃப்டி

பார்த்தீர்களா. மார்ச்சுக்கும் காரணம் உங்களுக்கே தெரியும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். கோலம், உறுதிமொழி, சிறந்த கார்டுக்கு ஹாட் பாக்ஸ் பரிசு. அந்த வாரம் எந்த ஆலையிலும் பெட்டி நிரம்பி வழியும். ஆபத்து கூடியதால் நிரம்பவில்லை.

"கவனக்குறைவு" என்பதைப் பட்டியலிலிருந்தே தூக்குங்கள். அது வகையே கிடையாது, எழுதியவரின் கருத்து. அதை வைத்துக் கமிட்டி என்ன செய்யும்? "கவனமாக இருக்கவும்" என்று ஒரு போர்டு மாட்டும்.

முதல் வேலையாக, இந்த 640ஐ மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒன்று, ஏதோ ஒன்று நடந்துவிட்டது, ஆள் தப்பித்துவிட்டார்: சுமை விழுந்தது, ஃபோர்க்லிப்ட் உரசிக்கொண்டு போனது, வழுக்கினார். இரண்டு, ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் நிலைமை மோசம்: மிஷினின் பாதுகாப்பு மூடி கழன்று கிடக்கிறது, எண்ணெய் கசிகிறது. மூன்று, ஒருவர் செய்தது சரியில்லை: கண்ணாடி போடவில்லை, ஓடும் மிஷினில் கை விட்டார். முதல் குவியல் மட்டும்தான் நியர் மிஸ். மற்ற இரண்டும் வேண்டியவைதான், ஆனால் "எத்தனை தடவை" என்ற கேள்விக்கு அவற்றைக் கலந்தால் பதில் கெட்டுவிடும். பிரித்துவிட்டு எண்ணிக்கை சொல்லுங்கள், மேலே பேசலாம்.

---

மணலி_குமரன்

ரொம்பக் குழப்ப வேண்டாம். ஹைன்ரிக் முக்கோணம் இருக்கிறதே. ஒரு பெரிய விபத்துக்கு 29 சின்னது, 300 அடிபடாதது. அடியில் இருப்பதைக் குறைத்தால் மேலே தானாகக் குறையும். கமிட்டிக்கு மொத்தக் கார்டு எண்ணிக்கையை மாதாமாதம் கோடாகப் போட்டுக் காட்டுங்கள், கோடு இறங்கினால் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

---

ஃபிட்டர்_சேகர்

குமரன் அண்ணே, கோடு எப்படி இறங்கும் என்று நான் சொல்கிறேன். நான் வேறொரு ஆலையில் தொழிலாளர் தரப்பில் கமிட்டியில் இருக்கிறேன். ஒரு பையன், ஃபோர்க்லிப்ட் ரிவர்ஸில் வந்து தன்னை இடிக்கப் பார்த்தது என்று கார்டு போட்டான். அடுத்த நாள் டிரைவருக்கு மெமோ. அதற்கப்புறம் இரண்டு மாதம் ஃபோர்க்லிப்ட் பற்றி ஒரு கார்டுகூட வரவில்லை. கோடு தரைக்கே இறங்கிவிட்டது. வண்டி அதே வண்டி, வளைவு அதே வளைவு.

---

ரிட்டயர்டு_சேஃப்டி

சேகர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. குமரனுக்கு ஒரு வார்த்தை மட்டும். ஹைன்ரிக் 1931இல் காப்பீட்டுக் கம்பெனிக் கோப்புகளை வைத்துச் சொன்ன விகிதம் அது. 1969இல் பேர்ட் வேறு தரவை எடுத்தார், 1, 10, 30, 600 என்று வந்தது. ஆலைக்கு ஆலை மாறும் விகிதம், விதி அல்ல. சின்னச் சம்பவங்களைப் படித்தால் பெரியது வருவது தெரியும் என்பது பாதி உண்மை. எந்தச் சின்னச் சம்பவம் என்பதுதான் மீதிப் பாதி. காகிதம் விரலைக் கீறிய முந்நூறு சம்பவங்களைக் குறைத்தால் ஃபர்னஸ் வெடிப்பது குறையாது.

---

டேட்டா_நித்யா

தம்பி, இடத்தைச் சீர் செய்ய ஒரு வழி. கார்டில் உள்ள துறையை விட்டுவிடுங்கள். சம்பவத்தை விவரித்து எழுதியிருக்கிறார்களே, அதிலிருந்து இடச் சொல்லை மட்டும் ஒரு நெடுவரிசையில் எடுத்து எழுதுங்கள், எழுதியபடியே. அப்புறம் ஒரு தனிப் பட்டியல்: இடப்பக்கம் மக்கள் எழுதும் பெயர்கள், வலப்பக்கம் ஒரே அதிகாரப்பூர்வ இடம். உங்கள் ஷாப்பில் தூண்களுக்கு எண் இருக்கிறதா? A1, B7 மாதிரி? இருந்தால் அதைவிட நல்ல இட அடையாளம் கிடைக்காது. மிஷின்கூட இடம் மாறும், தூண் மாறாது.

இரண்டு இடத்தில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒன்று, "உள்ளே இருக்கிறதா" என்று தேடினால் C1 என்பது C12க்குள்ளும் அகப்படும். முழுச் சொல்லாகப் பொருத்துங்கள். இரண்டாவது தமிழுக்கே உரிய தொல்லை. "லோடிங் பே" என்று இரண்டு பேர் அடித்திருப்பார்கள், திரையில் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஃபோனில் "லோ" ஒரே குறியாக விழுந்திருக்கும். இன்னொருவருக்கு இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக. நான் ஒரு நாள் முழுக்க, ஒரே பெயர் ஏன் பட்டியலில் இரண்டு வரியாக வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கீழே உள்ளது அதைச் சரி செய்யும்:

```python
import unicodedata, pandas as pd
df = pd.read_csv("cards.csv", dtype=str).fillna("")
loc = pd.read_csv("loc.csv", dtype=str).fillna("")

def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s).replace("\u200c", "")
    return " ".join(s.lower().split())

m = {clean(a): p for a, p in zip(loc["alias"], loc["place"])}
df["place"] = df["where_text"].map(lambda s: m.get(clean(s), "CHECK"))
print((df["place"] == "CHECK").sum())
```

கடைசி வரி எத்தனை பொருந்தவில்லை என்று சொல்லும். அவற்றை நீங்களே ஊகித்து நிரப்ப வேண்டாம். எழுதியவர் பெயர் இருந்தால் ஷிப்ட் இன்சார்ஜிடம் கொடுத்துக் கேளுங்கள். கேட்டும் தெரியாவிட்டால் "இடம் தெரியவில்லை" என்று ஒரு வரி அறிக்கையில் நிற்கட்டும்.

---

தையல்_கவிதா

நான் திருப்பூரில் ஒரு தையல் யூனிட்டில் இருக்கிறேன். எங்களுக்கு ஊசி உடைவதுதான் பெரிய விஷயம். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் ஒட்டி ரெஜிஸ்டரில் வைத்தால்தான் புது ஊசி கொடுப்போம். அதனால் எத்தனை தடவை என்பது எங்களிடம் தானாகவே துல்லியமாக இருக்கும், யாரும் மறைக்க முடியாது. ஒரு லைனில் திடீரென்று கூடியபோது, துணியின் ஜிஎஸ்எம் மாறியும் ஊசி நம்பரை மாற்றாதது தெரிந்தது.

தம்பியின் ஆலையில் கார்டு எழுதுவது ஆள் இஷ்டம். இரண்டும் ஒன்றா என்று எனக்குச் சந்தேகம்.

---

ரிட்டயர்டு_சேஃப்டி

நல்ல சந்தேகம், கவிதா மேடம். ஒன்றில்லை. உங்களுடையது எண்ணிக்கை, அவருடையது புகார். அதனால்தான் அவர் தன் எண்களை இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தம்பி, உங்கள் ஆலையிலும் தானாகப் பதிவாகிற ஒன்று இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கில் புதிதாக விழுந்த நசுங்கல், தூண் பாதுகாப்புக் கம்பியில் மஞ்சள் பெயின்ட் உரிந்த இடம், ஃபர்ஸ்ட் எய்ட் ரெஜிஸ்டர். கார்டு வராவிட்டாலும் அவை பேசும்.

---

ஓசூர்_தம்பி

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாக் கார்டையும் மறுபடி படித்தேன். அறிவிக்க வேண்டிய அளவில் எதுவும் இல்லை.

640இல் நிலைமை பற்றியது 402. ஆள் செய்தது பற்றி 151. உண்மையிலேயே நியர் மிஸ் 87 மட்டும்தான்.

மார்ச்சில் வந்த 131 கார்டில் நியர் மிஸ் 8. பிப்ரவரியில் 48 கார்டுதான், அதில் 7. நீங்கள் சொன்னது சரி, பெட்டிதான் நிரம்பியதே தவிர சம்பவம் கூடவில்லை.

தூண் எண் இருக்கிறது, நித்யா மேடம். A முதல் F வரை. இடப் பட்டியல் 140 வரி வந்துவிட்டது! டிஸ்பாட்ச் வாசலுக்கு மட்டும் "லோடிங் பே", "loding bay", "LB", "லாரி நிக்கிற இடம்", "பின் கேட்" என்று ஒன்பது பெயர். "7ம் மிஷின் பின்னாடி" மாதிரி எழுதியதற்கு மிஷின் வாரியாகத் தூண் எண் போட்டுக்கொண்டேன். கடைசியில் இடம் தெரியாதது 4.

வகையில்தான் சிக்கல். நானும் ஒரு ஷிப்ட் சூப்பர்வைசரும் தனித்தனியாக 50 கார்டுக்கு வகை போட்டுப் பார்த்தோம். ஒத்துப்போனது 31. கிரேன் கொக்கி ஆடி ஒருவர் தலைப் பக்கம் வந்ததை நான் "சுமை தூக்குதல்" என்றேன், அவர் "மோதல்" என்றார். எது சரி?

இன்னொன்று. ஒரே ஹைட்ராலிக் கசிவுக்கு ஐந்து கார்டு. இதை ஒன்றாக எண்ணுவதா, ஐந்தாகவா?

---

ரிட்டயர்டு_சேஃப்டி

இரண்டும் சரி, அதுதான் உங்கள் பிரச்சினை. "சுமை தூக்குதல்" என்பது அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த வேலை. "மோதல்" என்பது நடக்க இருந்த அடி. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் எந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆள் அரை அடி தள்ளி நின்றிருந்தால் அவர் மேல் முதலில் என்ன பட்டிருக்கும்? கொக்கி பட்டிருக்கும் என்றால் வகை "அசையும் பொருள் மோதல்". வண்டி என்றால் "வாகனம்". உருகிய மெட்டல், மின்சாரம், விழும் பொருள், மிஷின் நசுக்குதல், வழுக்கல் என்று ஏழெட்டுக்கு மேல் போக வேண்டாம். வேலை என்ன என்பதைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள், பின்னால் உதவும். அதே 50ஐ மறுபடி இரண்டு பேரும் போட்டுப் பாருங்கள்.

கசிவுக்கு: அந்த ஐந்து கார்டும் நிலைமைக் குவியலில்தானே இருக்கின்றன? அங்கே அது ஒன்று. ஆனால் ஐந்தைத் தூக்கி எறியாதீர்கள். முதல் கார்டு தேதிக்கும் ஐந்தாவது கார்டு தேதிக்கும் எத்தனை நாள்?

---

ஓசூர்_தம்பி

23 நாள்.

---

ரிட்டயர்டு_சேஃப்டி

கமிட்டிக்குச் சொல்ல வேண்டியது அதுதான். "ஐந்து கசிவு" அல்ல, "23 நாள் மூடாத ஒரு கசிவு". அதே எண்ணெயில் இரண்டு பேர் வெவ்வேறு நாள் வழுக்கியிருந்தால் அது இரண்டு நியர் மிஸ், அதைச் சேர்க்கக் கூடாது. ஒரே ஷிப்டில் ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் சம்பவத்தை மூன்று பேர் பார்த்து எழுதியிருந்தால் அது ஒன்று.

---

ஓசூர்_தம்பி

அந்தக் கேள்வியை வைத்து மறுபடி போட்டோம், 50இல் 44 ஒத்துவந்தது. மீதி ஆறை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்தோம்.

ஒரே சம்பவத்தைச் சேர்த்த பிறகு 87 கார்டு 71 சம்பவமாக ஆகிவிட்டது. தூண்களைச் சேர்த்து 14 பகுதி, வகை 8. கட்டம் போட்டால் 112 கட்டம், பெரும்பாலும் சைபரும் ஒன்றும். ஆனால் ஒன்று மட்டும் எழுந்து நிற்கிறது. C4க்கும் C5க்கும் நடுவில், வாகனம்: 13. நடைபாதை ஃபோர்க்லிப்ட் பாதையைக் குறுக்கே வெட்டும் இடம் அது.

அந்த 13 கார்டையும் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். நேரம் எழுதியிருந்ததில் ஒன்பது, மதியம் 2 மணி ஷிப்ட் மாறும் சமயம், 1.45க்கும் 2.25க்கும் நடுவில். செப்டம்பர் முதல் தேதி வருகைப் பதிவு பஞ்ச் மிஷினை மெயின் கேட்டிலிருந்து D5 பக்கம் மாற்றினார்கள். அதற்கு முன் ஐந்து மாதத்தில் 2 சம்பவம். அப்புறம் ஏழு மாதத்தில் 11. எல்லோரும் பஞ்ச் அடிக்க இப்போது அந்தப் பாதையைத்தான் கடக்கிறார்கள். நான் தினமும் அதில்தான் நடக்கிறேன், கார்டைப் படிக்கும்வரை தோன்றவே இல்லை.

இதை முதல் வரியாக வைக்கலாமா?

---

டேட்டா_நித்யா

கொஞ்சம் பொறுங்கள். செப்டம்பருக்கு அப்புறம் வண்டியே அதிகம் ஓடியிருக்கலாம், தீபாவளி சமயம் டிஸ்பாட்ச் கூடியிருக்கும். ஃபோர்க்லிப்டில் ஓடிய மணி காட்டும் மீட்டர் இருக்குமே, அதன் ரீடிங் கிடைக்குமா? சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்.

---

ஓசூர்_தம்பி

கிடைத்தது. அந்த வழி ஓடும் வண்டி ஒன்றுதான். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் 1,150 மணி. செப்டம்பர் முதல் மார்ச் 1,820 மணி.

---

டேட்டா_நித்யா

அப்படியானால் முதலில் 100 மணிக்கு 0.17, அப்புறம் 0.60. வண்டி ஓட்டம் மாதத்துக்கு 230 மணியிலிருந்து 260 ஆகியிருக்கிறது, அதனால் மட்டும் இது மூன்றரை மடங்கு ஆகாது.

ஆனால் எண்ணிக்கை சின்னது. மாற்றமே இல்லாமல் இந்த 13 சம்பவமும் ஓட்ட நேரத்துக்கு ஏற்றபடி சிதறி விழுந்திருந்தால், முதல் பகுதியில் இரண்டோ அதற்குக் குறைவோ விழ நூற்றுக்கு ஏழு வாய்ப்பு இருக்கிறது. அதோடு 14 இடத்தைப் பார்த்துவிட்டு, துருத்திக்கொண்டிருப்பதைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். இத்தனை இடத்தைத் துழாவினால் எங்கேயாவது ஒன்று துருத்தத்தான் செய்யும். எண்ணை மட்டும் வைத்து "நிரூபணம்" என்று நான் எழுத மாட்டேன்.

---

ஃபிட்டர்_சேகர்

மேடம், நூற்றுக்கு ஏழோ எழுபதோ, இரண்டு மணிக்கு அங்கே போய் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒரு ஷிப்ட் ஆட்கள் வெளியே, ஒரு ஷிப்ட் ஆட்கள் உள்ளே, நடுவில் பேலட் தூக்கிய வண்டி. கணக்கு எதற்கு?

---

ரிட்டயர்டு_சேஃப்டி

இரண்டு பேரும் சரி. பஞ்ச் மிஷினை மாற்றுவதற்குச் செலவு கம்மி, அதனால் இந்த அளவு சான்று போதும். புது மேம்பாலம் கட்டச் சொல்லியிருந்தால் நித்யா சொல்வதைத்தான் கேட்பேன். கமிட்டியில் "13 சம்பவம், 9 ஷிப்ட் மாற்ற நேரத்தில், பஞ்ச் மிஷின் மாற்றிய பிறகு 11" என்று மட்டும் சொல்லுங்கள். சதவீதம், மடங்கு எதுவும் வேண்டாம். முடிந்தால் கூட்டத்தை 1.40க்கு வைத்து, 1.55க்கு எல்லோரையும் C4க்குக் கூட்டிப் போங்கள்.

இப்போது இன்னொன்று கேட்கிறேன். உங்கள் 112 கட்டத்தில் "உருகிய மெட்டல்" வரியில் என்ன இருக்கிறது?

---

ஓசூர்_தம்பி

1. ஜூலையில். கார்டில் இருப்பது அப்படியே: "ஃபர்னஸ்ல ரன்னர் போட்டப்ப வெடி மாதிரி சத்தம். மெட்டல் மேல வரைக்கும் தெறிச்சுது. நான் டிராஸ் எடுக்கிற கரண்டி எடுக்கப் போயிருந்தேன்."

---

ரிட்டயர்டு_சேஃப்டி

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஜூலை, மழை. வார்ப்பிலிருந்து வெட்டிய ரன்னர் ஸ்கிராப் வெளியே திறந்த தொட்டியில் கிடந்து நனைந்திருக்கும். 700 டிகிரி பக்கம் இருக்கிற அலுமினியத்துக்குள் ஈரம் போனால், ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கு மேல் ஆவியாகும், அதுவும் கண் சிமிட்டும் நேரத்தில். மெட்டல் வெளியே வராமல் என்ன செய்யும்? அந்தப் பையன் கரண்டி எடுக்கப் போனதால் உயிரோடு இருக்கிறான்.

உங்கள் வரிசையில் இது கடைசி வரி. எத்தனை தடவை என்று மட்டும் பார்த்தால் இது கமிட்டி கண்ணிலேயே படாது. அதனால் இரண்டு பட்டியல் வையுங்கள். ஒன்று, அடிக்கடி நடப்பது. இன்னொன்று, ஒரு தடவை நடந்தாலும் ஆளை விடாதது. இரண்டாவதில் எண்ணிக்கை நெடுவரிசையே வேண்டாம்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில் 15 பேர் செத்தார்கள். கோபுரத்தில் திரவ மட்டம் எல்லை மீறி ஏறியதுதான் தொடக்கம். அதற்கு முந்தைய ஸ்டார்ட் அப்களிலும் மட்டம் அப்படி ஏறியிருந்தது, யாரும் அதை நியர் மிஸ்ஸாக எடுத்து விசாரிக்கவில்லை. அவை ஒன்றும் ஆகாமல் முடிந்ததால் "இது இப்படித்தான் ஏறும்" என்று பழகிவிட்டது. மணலி குமரன், உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

---

மணலி_குமரன்

தெரியும் சார். அந்த விசாரணை அறிக்கையை எங்களுக்குப் பயிற்சியில் படிக்கக் கொடுத்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், மொத்தக் கோட்டை இனி காட்ட மாட்டேன். ஆனால் மேலிடத்தில் ஒரே எண் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று யாரும் சொல்லவில்லையே.

---

ஃபிட்டர்_சேகர்

எத்தனை நாளில் மூடினோம் என்கிற எண்ணைக் கொடுங்கள் அண்ணே. அது அவர்கள் கையில் இருக்கிற எண்.

---

ஓசூர்_தம்பி

கமிட்டி முடிந்துவிட்டது, சொல்கிறேன். ஒரே பக்கம்தான் கொடுத்தேன். மேலே ஜூலை ஃபர்னஸ் கார்டு, அப்படியே அந்தப் பையன் எழுதிய வரியோடு. அடுத்து C4–C5. மூன்றாவது, 15 நாளுக்கு மேல் மூடாத நிலைமைகள், 19 வரி. மொத்த எண்ணிக்கை, மாத வாரிக் கோடு எதுவும் வைக்கவில்லை.

ஸ்கிராப் தொட்டிக்கு உடனே கூரை, ஃபர்னஸில் போடும் முன் ரன்னரைச் சூடு காட்டிக் காயவைப்பது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பஞ்ச் மிஷின் திரும்ப கேட்டுக்குப் போகிறது, ஆனால் கேபிள் இழுக்க ஒரு மாதமாகுமாம். அதுவரை 1.45 முதல் 2.30 வரை அந்தப் பாதையில் வண்டி ஓடாது. டிஸ்பாட்ச்காரர் முனகினார்.

ஒன்று மட்டும் முடியவில்லை. மாதம் இத்தனை கார்டு கட்டாயம் என்று எங்கள் ஆலையில் டார்கெட் இருக்கிறது. 402 நிலைமைக் கார்டில் பாதிக்கு மேல் மாதக் கடைசி மூன்று நாளில் வந்தது: "தரையில் பேப்பர் கிடக்கிறது", "விளக்கு மங்கலாக இருக்கிறது". டார்கெட்டை எடுத்துவிடலாம் என்றேன். எடுத்தால் யாரும் எழுத மாட்டார்கள் என்று ஹெச்ஆர் சொல்கிறார்.

---

ஃபிட்டர்_சேகர்

எடுங்கள். பெயர் கட்டத்தையும் எடுங்கள். பயமில்லாமல் எழுதுவான்.

---

ரிட்டயர்டு_சேஃப்டி

டார்கெட்டை எடுப்பதில் நானும் சேகர் பக்கம். பெயரில் இல்லை. பெயர் இல்லாவிட்டால் ஜூலை கார்டு எழுதியவனிடம் ரன்னர் நனைந்திருந்ததா என்று யார் போய்க் கேட்பது? நாசா 1976லிருந்து விமானிகளிடம் இப்படிப் புகார் வாங்குகிறது. படிவத்தில் பெயர் இருக்கிற துண்டை, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தபின் கிழித்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தரவில் பெயர் தங்காது.

---

ஃபிட்டர்_சேகர்

நாசா கிழித்துக் கொடுக்கும் சார். எங்கள் ஆலையில் கிழிக்கும் முன் ஹெச்ஆர் போட்டோ எடுத்துக்கொள்வார்.

---

ஓசூர்_தம்பி

சேகர் அண்ணா, சிரித்துவிட்டேன். டார்கெட் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளியிருக்கிறார்கள். இப்போதைக்கு நான் செய்தது ஒன்றுதான்: பெட்டியைச் சனிக்கிழமை மட்டும் அல்ல, தினமும் காலை 7 மணிக்குத் திறக்கிறேன். கார்டில் "துறை" கட்டத்தை அடித்துவிட்டு, "எந்தத் தூண் பக்கத்தில்?", "எத்தனை மணிக்கு?" என்று கையால் எழுதி ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன். முதல் நாள் மூன்று கார்டு. மூன்றிலும் தூண் எண் இருந்தது. ஒன்றில் C12, அது C1 அல்ல என்று புரிய அடியில் கோடு போட்டிருந்தான்.